சந்தா வண்டிக்கா, ஆளுக்கா?

இணைய வசதியுள்ள கார்களைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு வாதம் உடனே வந்து நிற்கிறது. "சந்தா கட்டினவரோடு சந்தா முடிந்தது. செல்போனை விற்கும்போது ரீசார்ஜையும் சேர்த்தா விற்கிறோம்? பழைய வண்டி வாங்குகிறவர் வேண்டுமென்றால் புதிதாகக் கட்டிக்கொள்ளட்டும்." கார் நிறுவனங்களின் விதிமுறைகளில் இது வழக்கறிஞர் மொழியில் இருக்கிறது. ஷோரூமில் பேச்சு மொழியில் வருகிறது. ஆட்டோ கன்சல்டிங் வைத்திருப்பவர், "அதெல்லாம் ஆப் சமாச்சாரம் சார், நீங்க வண்டி கண்டிஷனைப் பாருங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். வாங்குகிறவர்களிலும் பெரும்பாலோர் இது நியாயந்தானே என்று ஒப்புக்கொள்கிறார்கள்.

இது நியாயமில்லை என்பது என் கட்சி. இந்த வாதம் விஷயத்தைத் தலைகீழாக்குகிறது என்றும் சொல்வேன். வண்டி கைமாறும்போது வண்டியோடு போக வேண்டியது அறுந்துபோகிறது. விற்றவரோடு போயிருக்க வேண்டியது வண்டியிலேயே தங்கிவிடுகிறது. இரண்டுக்கும் விலை கொடுப்பவர் இரண்டாம் கை வாங்குகிறவர்.

நெய்வேலியில் இருப்பவர்களுக்கு இது தூரத்து விவகாரம் இல்லை. என்.எல்.சி. வேலையில் 60 வயது நிறைந்ததும் ஓய்வு. அதன் பிறகு டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்துதான் ஆக வேண்டும். சொந்த ஊருக்கோ, பிள்ளைகள் இருக்கும் ஊருக்கோ கிளம்புகிறவர்களில் பலர் காரை இங்கேயே விற்றுவிட்டுப் போகிறார்கள். ராஜஸ்தானில் பர்சிங்சருக்கும் ஒடிசாவில் தலபிராவுக்கும் மாற்றலாகிப் போகும் அதிகாரிகளும் அப்படித்தான். வாங்குகிறவர் மந்தாரக்குப்பத்தில் கடை வைத்திருப்பவராக இருக்கலாம், பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்பவராக இருக்கலாம், சுரங்கத்தில் ஒப்பந்த வேலை எடுத்துச் செய்பவராகவும் இருக்கலாம். ஒரே ஓனர், குறைந்த ஓட்டம், நிழலில் நின்ற வண்டி என்பதால் டவுன்ஷிப் வண்டிக்குச் சுற்றுவட்டாரத்தில் எப்போதும் ஒரு மரியாதை உண்டு.

இந்தியாவில் இணைய கார்கள் பரவலாக வந்த ஆண்டு 2019. மே மாதம் ஹூண்டாய் வென்யூ, ஜூனில் எம்ஜி ஹெக்டர், ஆகஸ்டில் கியா செல்டோஸ். வென்யூவில் 'புளூலிங்க்' சேவையை முதல் மூன்று ஆண்டுகளுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். ஆக, முதல் தொகுதி வண்டிகளுக்கு இலவசக் காலம் 2022-இலேயே முடிந்துவிட்டது. அந்த வண்டிகள் இப்போது பழைய வண்டிச் சந்தைக்கு வரும் வயதில் இருக்கின்றன. இத்தனை நாள் சந்தா என்பது புது வண்டி வாங்கியவரின் பிரச்சினையாக இருந்தது. இனி அது இரண்டாம், மூன்றாம் ஓனரின் பிரச்சினை.

ஒரு கைமாற்றத்தை வைத்துக் கணக்குப் பார்ப்போம். எந்த நிறுவனத்தின் விலைப்பட்டியலும் இல்லை, கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட தொகைகள் இவை. ஓர் அதிகாரி இலவச ஆண்டுகள் முடிந்த பிறகு மூன்று ஆண்டுச் சந்தாவை மொத்தமாக 9,000 ரூபாய் கட்டிப் புதுப்பிக்கிறார். ஓராண்டு கழித்து ஓய்வு பெறுகிறார். வண்டியை மந்தாரக்குப்பத்துக்காரர் ஒருவருக்கு விற்கிறார். மீதி இரண்டு ஆண்டு, அதாவது 6,000 ரூபாய் பெறுமானமுள்ள சேவை, இன்னும் பயன்படுத்தப்படாமல் இருக்கிறது.

ஆர்.சி. புக்கில் பெயர் மாற்றுவதற்கு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் வழி தெளிவாக இருக்கிறது. படிவம் 29 விற்பவர் கொடுக்கும் அறிவிப்பு, படிவம் 30 பெயர் மாற்ற விண்ணப்பம். கடன் இருந்திருந்தால் வங்கியிலிருந்து படிவம் 35 வாங்கி ஹெச்.பி.யை ரத்து செய்ய வேண்டும். வேறு மாநிலத்துக்குப் போகிற வண்டியானால் படிவம் 28-இல் தடையின்மைச் சான்று. ஆர்.டி.ஓ. அலுவலக வேலை முடிந்து புதிய பெயரில் ஆர்.சி. வந்துவிட்டால் சட்டத்தின் கண்ணில் வண்டி முழுக்க முழுக்கப் புதியவருடையது.

செயலியின் கண்ணில் அப்படி இல்லை. நிறுவனத்தின் சர்வரில், வண்டியின் 17 எழுத்து அடையாள எண்ணுக்கு எதிரே விற்றவரின் செல்போன் எண் நிற்கிறது. ஆர்.சி.யில் பெயர் மாறியது அந்த சர்வருக்குப் பொதுவாகத் தெரியாது. புதியவர் தன் போனில் செயலியை இறக்கி வண்டி எண்ணைக் கொடுத்தால், இந்த வண்டி ஏற்கெனவே வேறொரு கணக்கில் இருக்கிறது என்ற பதில் வருகிறது. ஓ.டி.பி. போவதோ பழையவரின் எண்ணுக்கு. அவர் அதற்குள் கோயம்புத்தூரிலோ திருச்சூரிலோ பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். புதியவர் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதி, ஆர்.சி. நகல், அடையாள அட்டை எல்லாம் அனுப்பி, ஒருவழியாகக் கணக்கு அவர் பெயருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சந்தா ஆளுக்கானது என்ற விதி அமலில் இருந்தால், அந்த மீதி இரண்டு ஆண்டு அதற்குள் காற்றில் கரைந்திருக்கும்.

அந்த 6,000 ரூபாய் எங்கே? விற்றவருக்குத் திருப்பித் தந்திருந்தால், சரி. வாங்கியவருக்குச் சேவையாக ஓடியிருந்தால், அதுவும் சரி. இரண்டும் நடக்கவில்லையென்றால் பணம் நிறுவனத்திடமே நின்றுவிடுகிறது. அதோடு புதியவர் மறுபடி சந்தா கட்டுகிறார். ஒரே வண்டி, ஒரே சிம், ஒரே இரண்டு ஆண்டு. கட்டணம் மட்டும் இரண்டு தடவை.

செல்போன் ரீசார்ஜ் உவமையும் இங்கேதான் உடைகிறது. போனை விற்கும்போது சிம்மைக் கழற்றி அடுத்த போனில் போட்டுக்கொள்கிறோம். மீதமிருக்கும் நாட்கள் நம்மோடு வருகின்றன. காரில் இருப்பது டெலிமாட்டிக்ஸ் பெட்டிக்குள் பதிக்கப்பட்ட இ-சிம். அதைக் கழற்ற முடியாது. விற்றவர் அதை எடுத்துப் போகவும் முடியாது, அடுத்த வண்டிக்கு மாற்றவும் முடியாது. எடுத்துப் போக முடியாத ஒன்றை 'உங்களுடையது' என்று விற்றவரிடமும், வண்டியிலேயே இருக்கிற ஒன்றை 'உங்களுடையது இல்லை' என்று வாங்கியவரிடமும் சொல்வது எந்த ஊர் நியாயம்?

மறுதரப்பில் நியாயமே இல்லையென்று நான் சொல்லவில்லை. இ-சிம்முக்கு டேட்டா செலவு உண்டு. சர்வருக்குச் செலவு உண்டு. அவசர அழைப்பை எடுத்துப் பேச ஆள் உட்கார வேண்டும், அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். இவை மாதாமாதம் ஆகிற செலவுகள். அதற்கு மாதமோ ஆண்டோ கணக்கிட்டுப் பணம் வாங்குவதில் தவறு காண மாட்டேன். ஆனால் அந்தச் செலவு ஓட்டுபவர் யார் என்பதைப் பொறுத்துக் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. டவுன்ஷிப்பில் ஓடினாலும் மந்தாரக்குப்பத்தில் ஓடினாலும் ஒரே சிம்தான், ஒரே டேட்டாதான். செலவை ஈடுகட்டத்தான் சந்தா என்றால், ஈடுகட்டப்பட்ட காலம் வரை சேவை வண்டியோடு ஓட வேண்டும். இதற்குப் பதில் சொல்லாமல் செலவைக் காரணம் காட்டுவது செல்லாது.

இன்னொரு வகைச் சந்தா இருக்கிறது. அதற்கு இந்தச் செலவுக் காரணம்கூடக் கிடையாது. வண்டியில் பொருத்தியாகிவிட்ட ஒரு பாகத்தை மென்பொருளால் பூட்டிவைத்து, திறப்பதற்குப் பணம் கேட்பது. 2022-இல் பிஎம்டபிள்யூ நிறுவனம் தென்கொரியாவில் சூடாகும் இருக்கைக்கு மாதம் ஏறத்தாழ 18 டாலர் என்று விலை வைத்தபோது உலகம் முழுக்கச் சிரிப்பும் கோபமும் எழுந்தன. இருக்கைக்குள் கம்பி இருக்கிறது, பட்டன் இருக்கிறது, மின்சாரம் உங்கள் பேட்டரியிலிருந்து போகிறது. நிறுவனத்துக்கு மாதாமாதம் ஆகிற செலவு என்று ஒன்றும் இல்லை. 2023 செப்டம்பரில் அந்த நிறுவனத்தின் இயக்குநர் குழு உறுப்பினர் பீட்டர் நோட்டா, வன்பொருள் சார்ந்த இந்தச் சந்தாவைக் கைவிடுவதாக அறிவித்தார். ஒரே பொருளுக்கு இரண்டு முறை காசு கொடுப்பதாக வாடிக்கையாளர்கள் உணர்ந்தார்கள் என்பது அவரே ஒப்புக்கொண்ட காரணம். மறுதரப்பின் மிகப் பெரிய சாட்சியே இப்படித் திரும்பி நின்றுவிட்டது.

பூட்டிய பாகம் கைமாறும்போது என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கூர்மையான சம்பவம் அமெரிக்காவில் நடந்தது. 2017 மாடல் டெஸ்லா கார் ஒன்றை டெஸ்லா நிறுவனமே 2019 நவம்பரில் ஏலத்தில் ஒரு வியாபாரிக்கு விற்றது. மேம்பட்ட ஆட்டோபைலட், முழுத் தானோட்டம் ஆகிய இரண்டும் விற்பனைச் சீட்டில் அச்சாகியிருந்தன. சேர்த்து 8,000 டாலர் பெறுமானம். வியாபாரி அந்த விலையையும் சேர்த்து டிசம்பரில் ஒருவருக்கு விற்றார். வாங்கியவர் பார்த்தால் இரண்டு வசதிகளும் வண்டியில் இல்லை. ஏலம் முடிந்த சில நாட்களில் டெஸ்லா தன் கணக்குகளைத் தணிக்கை செய்து, இந்த வண்டிக்கு அந்த வசதிகளுக்கான பணம் கட்டப்படவில்லை என்று சொல்லித் தொலைவிலிருந்தே எடுத்துவிட்டிருந்தது. 2020 பிப்ரவரியில் பத்திரிகைகளில் செய்தி வந்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தது.

இந்தச் சம்பவத்தில் எனக்கு உறைப்பது 8,000 டாலர் இல்லை. விற்று, பணம் வாங்கி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகும் விற்றவர் கை அந்தப் பொருளுக்குள் நீண்டது என்பதுதான். நம் நாட்டில் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 14-ஆவது பிரிவு இருக்கிறது. வாங்கிய பொருளை வாங்கியவர் இடையூறின்றி வைத்து அனுபவிக்கலாம் என்ற உத்தரவாதம், எழுதாவிட்டாலும் ஒவ்வொரு விற்பனையிலும் அடங்கியிருக்கிறது என்கிறது அது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. இன்றும் நடைமுறையில் இருக்கிறது. டெஸ்லா 2025 ஜூலையில் மும்பையில் கடை திறந்தபோது முழுத் தானோட்டத்துக்கு 6 லட்சம் ரூபாய் என்று தனி விலை போட்டது. ஒரு நல்ல பழைய காரின் விலை அது. அந்த வண்டி நாளைக்குக் கைமாறும்போது இந்த 6 லட்சம் யாருடையது என்ற கேள்வி இந்திய நீதிமன்றம் ஒன்றின் வாசலுக்கு வராமல் போகாது.

"சந்தாவை வண்டியோடு கட்டிவைப்பது நடைமுறையில் முடியாத காரியம்" என்றும் ஒரு குரல் உண்டு. 2025-இல் பிரிட்டனில் ஃபோக்ஸ்வாகன் ஐடி.3 மின்சாரக் காரின் கூடுதல் மோட்டார் திறனுக்கு மாதம் 16.50 பவுண்டு, அல்லது ஆயுளுக்கும் சேர்த்து 649 பவுண்டு என்று விலை வைத்தார்கள். காரில் ஏற்கெனவே இருக்கிற திறனைப் பூட்டி விற்பதை நான் ஏற்கவில்லை. ஆனால் ஆயுள் கட்டணம் கட்டினால் அந்தத் திறன் ஆளோடு போகாது, வண்டி விற்கப்பட்டாலும் வண்டியோடேயே இருக்கும் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். முடியாது என்பது பொய் என்று காட்ட அது ஒன்று போதும்.

அடுத்து, பலரும் மடக்குவதற்காகச் சொல்லும் வாதம்: "கைமாறும்போது கணக்கைத் துண்டிப்பது புதியவரின் பாதுகாப்புக்காகத்தான்." உண்மையில் துண்டித்தால் நானும் கை தட்டுவேன். துண்டிக்க வேண்டியதைத்தான் துண்டிப்பதில்லையே!

ஐபிஎம் நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வாளர் சார்லஸ் ஹெண்டர்சன் 2017-இல் ஆர்.எஸ்.ஏ. மாநாட்டில் தன் அனுபவத்தைச் சொன்னார். அவர் தன் பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கினார். கொடுக்கும் முன் தன் விவரங்களையெல்லாம் கவனமாக அழித்தார். ஆண்டுகள் கழித்தும் அவருடைய போனில் இருந்த செயலி பழைய காரைக் காட்டிக்கொண்டிருந்தது. எங்கே நிற்கிறது என்று தெரிந்தது, கதவைத் திறக்க முடிந்தது. காரின் திரையில் அழித்தது காரில் மட்டும்தான் அழிந்தது. சர்வரில் இருந்த இணைப்பு அப்படியே இருந்தது. பாதுகாப்பையே தொழிலாகக் கொண்டவருக்கு இந்த நிலை என்றால், 60 வயதில் ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் இருக்கும் நம் அதிகாரிக்கு என்ன தெரிந்திருக்கும்?

அவர் நல்ல மனிதர், எதையும் திறந்து பார்க்கப் போவதில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் வண்டி அடுத்த கைக்கும் அதற்கடுத்த கைக்கும் போகும். கையெழுத்து மட்டும் போட்ட படிவங்களோடு பெயர் மாற்றாமலே ஓடும் வண்டிகள் நம் பக்கத்தில் எத்தனை என்பது கன்சல்டிங் கடைக்காரர்களுக்குத் தெரியும். வண்டி வாங்கியவர் வீட்டுப் பெண் எத்தனை மணிக்குக் கிளம்புகிறாள், எங்கே நிறுத்துகிறாள் என்பது முன்பின் தெரியாத ஒருவரின் போனில் வரைபடமாக ஓடிக்கொண்டிருக்கலாம். பணம் கட்டிய சேவையை ஒரே நாளில் நிறுத்தத் தெரிந்த சர்வருக்கு இந்தக் கண்ணை மூடத் தெரியவில்லை என்பதை நான் ஏற்க மாட்டேன்.

அதிலும், இ-சிம் யார் கைவசம் இருக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பது நிறுவனங்களின் விருப்பத்துக்கு விட்ட விஷயமே இல்லை. எந்திரங்களில் பொருத்தப்படும் சிம்களுக்காகத் தொலைத்தொடர்புத் துறை 2018 மே மாதம் அறிவுறுத்தல் வெளியிட்டது. சிம் எந்த எந்திரத்தில் இருக்கிறது, காரானால் அதன் தயாரிப்பு, மாடல், பதிவெண் என்ன, அது யார் வசம் இருக்கிறது, அவருடைய பெயர், முகவரி என்ன என்ற விவரங்களைப் புதுப்பித்து வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. அரசு, சிம்மைப் பதிவெண்ணோடும் வண்டியை வைத்திருப்பவரோடும் சேர்த்துத்தான் பார்க்கிறது. கட்டணம் வசூலிக்கும்போது மட்டும் அது முதல் ஓனரின் தனிச் சொத்தாக மாறிவிடுகிறது.

எது வண்டியோடு போக வேண்டும், எது ஆளோடு போக வேண்டும் என்பது நமக்குப் புதுக் கேள்வியும் இல்லை. கார் இன்சூரன்ஸில் அதை எப்போதோ பிரித்துவிட்டோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-ஆவது பிரிவின்படி, வண்டி கைமாறிய நாளிலிருந்தே மூன்றாம் நபர் காப்பீடு புதிய ஓனருக்கு மாறிவிட்டதாகக் கருதப்படும். பாலிசியில் பெயரை மாற்ற அவர் 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். காரணம் எளிது: அந்தக் காப்பீடு தெருவில் போகிறவரைக் காப்பது, ஓனர் மாறினார் என்பதற்காகத் தெருவில் போகிறவர் அடிபட்டு நிற்கக் கூடாது. ஆனால் க்ளெய்ம் செய்யாததற்கான தள்ளுபடி, நோ க்ளெய்ம் போனஸ், வண்டியோடு போகாது. அது விற்றவரின் நிதானமான ஓட்டத்துக்குக் கிடைத்த பரிசு, 50 சதவீதம் வரை இருக்கலாம். சான்று வாங்கித் தன் அடுத்த காருக்கு அவர் எடுத்துச் செல்லலாம். புதியவர் அந்த வித்தியாசத்தைக் கட்டியாக வேண்டும். யாரும் இதை அநியாயம் என்று சொல்வதில்லை.

இதே அளவுகோலை இணைய காரில் வைத்துப் பாருங்கள். வண்டியின் உடம்பில் பொருத்தப்பட்ட பாகமும் அதைத் திறக்கும் உரிமையும் வண்டியுடையவை. கட்டி முடித்த டேட்டா காலமும் வண்டியுடையதே. எங்கெங்கே போனார் என்ற வரலாறு, வீட்டு முகவரி, போன் தொடர்புகள், பாட்டுக் கணக்கு ஆகியவை ஆளுடையவை. கைமாறிய அன்றே வண்டியிலிருந்தும் சர்வரிலிருந்தும் அகல வேண்டும். கொஞ்சம் யோசித்தால் எவருக்கும் விளங்குகிற பிரிவினைதான் இது.

இதில் ஒன்றைப் பற்றி மட்டும் நான் எந்தச் சமரசத்துக்கும் தயாரில்லை. விபத்து நேரத்து அவசர அழைப்பு. பல மாடல்களில் எஸ்.ஓ.எஸ். பட்டனும், ஏர்பேக் வெடித்தவுடன் தானே போகும் அழைப்பும் இதே சந்தாவுக்குள் அடக்கப்பட்டிருக்கின்றன. சந்தா தீர்ந்தால் பட்டன் அங்கேயே இருக்கும், மறுமுனையில் ஆள் இருக்க மாட்டார். விக்கிரவாண்டி–தஞ்சாவூர் சாலையில் இரவில் ஓட்டியவர்களுக்கு அந்தப் பட்டனின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. முதல் ஓனருக்குச் சந்தா இருந்தது, அவருக்கு உதவி வந்திருக்கும். அதே வண்டியில், அதே வளைவில், இரண்டாம் ஓனருக்கு வராது. பழைய வண்டி வாங்குகிறவர் புது வண்டி வாங்க வசதி இல்லாதவர் என்பதால் உயிருக்கும் இரண்டாந்தர விலையா?

சந்தாவை உயிரோடு கட்டிவைத்தால் என்ன நடக்கும் என்பதை 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் பார்த்தது. ஒரு ஃபோக்ஸ்வாகன் காரைத் திருடர்கள் பறித்துக்கொண்டு போனார்கள். உள்ளே இரண்டு வயதுக் குழந்தை. கார் எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள் என்று காவல்துறை சேவை மையத்தைக் கேட்டது. சந்தா காலாவதியாகிவிட்டது, 150 டாலர் கட்டினால்தான் இருப்பிடத்தைச் சொல்ல முடியும் என்று பதில் வந்தது. குழந்தை பத்திரமாகக் கிடைத்தது. அதற்கு அந்தச் சேவை காரணமில்லை. நிறுவனம் பிறகு நடைமுறைத் தவறு என்று வருந்தியது. தொலைபேசியை எடுத்த ஊழியரைக் குறை சொல்லி என்ன பயன்? அவருக்கு முன்னால் இருந்த திரையில், கட்டினார், கட்டவில்லை என்ற இரண்டு நிலைகளைத் தவிர வேறெதையும் அந்த ஏற்பாடு காட்டவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு வேறு வழி கண்டிருக்கிறது. 2018 மார்ச் 31-க்குப் பிறகு ஒப்புதல் பெறும் புது மாடல் கார்கள் எல்லாவற்றிலும் ஈகால் என்ற அவசர அழைப்புக் கருவி கட்டாயம். சாதாரண நேரத்தில் அது உறங்கிக் கிடக்கும். மோதல் நடந்தால் விழித்து 112-க்கு அழைத்து இருப்பிடத்தைச் சொல்லும். சந்தா இல்லை, கணக்கு இல்லை, எத்தனையாவது ஓனர் என்ற கேள்வியும் இல்லை. அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. அங்கே பழைய 2ஜி, 3ஜி அலைவரிசைகளை மூடத் தொடங்கிவிட்டதால், அவற்றை நம்பிச் செய்த கருவிகள் ஊமையாகும் ஆபத்து வந்திருக்கிறது. ஆனால் அது பொறியியல் பிரச்சினை, தீர்க்கலாம். இந்தியாவிலும் 112 என்ற ஒரே அவசர எண் இருக்கிறது. தனியார் கார்களுக்கு இப்படியொரு விதியை நாம் ஏன் கேட்கக் கூடாது?

சட்டம் வரும் வரை விற்பவரும் வாங்குபவரும் செய்துகொள்ள வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இது தெரியாமல்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுப்பதற்கு முன், விற்பவரின் போனில் அந்தச் செயலியைத் திறக்கச் சொல்லுங்கள். சந்தா முடியும் தேதி அதில் இருக்கும். வண்டி விலையைப் பேசும்போது அதையும் சேர்த்துப் பேசுங்கள். பிறகு உங்கள் கண் முன்னால், அவர் தன் கணக்கிலிருந்து வண்டியை நீக்க வேண்டும். போனிலிருந்து செயலியை அழிப்பது நீக்குவதாகாது. சர்வரில் இணைப்பு அப்படியே இருக்கும். டிஜிட்டல் சாவியைக் குடும்பத்தில் வேறு யாருக்காவது கொடுத்திருந்தால் அதையும் ரத்து செய்ய வேண்டும். அடுத்து காரின் திரையில் ஃபேக்டரி ரீசெட். இந்த வரிசை முக்கியம். திரையை முதலில் அழித்துவிட்டால், சர்வரில் இணைப்பு மிச்சமிருக்கிறதா என்று அங்கேயே சரிபார்ப்பது கடினமாகிவிடும்.

அதன் பிறகு உங்கள் போனில், உங்கள் எண்ணில், அந்த இடத்திலேயே வண்டியைப் பதிவு செய்யுங்கள். ஓ.டி.பி. உங்கள் போனுக்கு வந்து, வண்டி உங்கள் செயலியில் தெரிந்தால்தான் வேலை முடிந்தது. என்னென்ன வசதிகள் இப்போதும் வேலை செய்கின்றன, எவை சாம்பல் நிறமாகிக் கிடக்கின்றன என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். விற்றவர் வாயால் சொன்ன வசதிகளை விற்பனை ஒப்பந்தத் தாளில் பெயர் குறிப்பிட்டு எழுதி வாங்குங்கள். டெஸ்லா சம்பவத்தில் வாங்கியவர் கையில் இருந்த ஒரே பலம் அச்சான அந்தச் சீட்டுதான். ஃபாஸ்டேக்கை மட்டும் மறந்துவிடாதீர்கள். பழையவர் அதை மூடி, நீங்கள் புதிதாக வாங்க வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் சுங்கக் கட்டணம் அவர் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருக்கும்.

நிறுத்திவைத்த வண்டியில் ஏ.சி. தானே ஓடத் தொடங்கினாலோ, பூட்டிய கதவு திறந்திருந்தாலோ பேய் பிசாசு என்று நினைக்க வேண்டாம், மெக்கானிக்கிடமும் ஓட வேண்டாம். யாரோ ஒருவர் போனில் வண்டி இன்னும் இருக்கிறது என்று சந்தேகப்பட்டு, ஆர்.சி. நகலோடு நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்.

இத்தனையையும் வாங்குகிறவரும் விற்கிறவரும் போனை வைத்துக்கொண்டு மர நிழலில் நின்று செய்ய வேண்டியிருப்பதே அவலம். வண்டியின் சேசிஸ் எண்ணைக் கார் நிறுவனம்தான் அரசின் பதிவுத் தளத்தில் முதலில் ஏற்றுகிறது. அதை வைத்துத்தான் புது வண்டிக்கே பதிவெண் கிடைக்கிறது. நிறுவனத்திலிருந்து அரசுக்குப் போக அந்தப் பாதை திறந்திருக்கிறது. பெயர் மாற்றம் முடிந்ததும், இந்த சேசிஸ் எண்ணுக்கு ஓனர் மாறிவிட்டார் என்ற ஒரு செய்தி அதே பாதையில் திரும்பிப் போனால் போதும். பழையவரின் கணக்கு அன்றே அறுபட வேண்டும், கட்டிய காலம் வண்டியில் தொடர வேண்டும், புதியவர் ஆர்.சி.யைக் காட்டினாலே பதிவு கிடைக்க வேண்டும். பெயர் மாற்றாமல் ஓடும் வண்டிக்கு இது உதவாது என்பது உண்மை. ஆனால் பெயர் மாற்றினால்தான் வசதிகள் கைக்கு வரும் என்றால், படிவத்தை மடித்து வீட்டில் வைத்திருப்பவர்களும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போவார்கள்.

கடைசியாக ஒரு வாதம் மிஞ்சுகிறது: "விதிமுறையில் எழுதியிருந்தது, கையெழுத்துப் போட்டீர்கள்." முதலாவதாக, இரண்டாம் ஓனர் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. இரண்டாவதாக, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்று ஒரு வகையையே வரையறுத்திருக்கிறது. தகுந்த காரணமின்றி ஒருதலைப்பட்சமாக ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமையைத் தருகிற நிபந்தனையும், நுகர்வோருக்குப் பாதகமான நியாயமற்ற சுமைகளும் அதில் அடங்கும். சேவைக் குறைபாடு என்றால் கடலூரிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். நியாயமற்ற ஒப்பந்தம் என்று வாதிட வேண்டுமானால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். 6,000 ரூபாய்க்காக யார் போவார் என்று நிறுவனங்கள் கணக்குப் போட்டிருக்கும். டவுன்ஷிப்பில் சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. ஓய்வு பெற்றவர்களும் இருக்கிறார்கள், வழக்கு நடத்திப் பழகியவர்களும் இருக்கிறார்கள். ஒரே குறையுள்ள பலர் சேர்ந்து, ஆணையத்தின் அனுமதியோடு, எல்லாருக்குமாக ஒரே மனு போடவும் அந்தச் சட்டத்தின் 35-ஆவது பிரிவு இடம் தருகிறது. சந்தா முடியும் தேதியைக் காட்டும் செயலித் திரையின் படம், பணம் கட்டிய ரசீது, பெயர் மாறிய ஆர்.சி., நிறுவனத்துக்கு எழுதிய மின்னஞ்சல், அதற்கு வந்த பதில். இந்த ஐந்தையும் இன்றைக்கே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.